மருமகன் எழுதிய மறுப்புக் கடிதம்

தாலுகா அலுவலகத்தில் வேலை பார்க்கும் இளநிலை உதவியாளருக்கு உறவினர் எழுதும் கடிதம் நலம் விசாரிப்பில் தொடங்கி ஒரு மனுவில் வந்து நிற்கும். ‘ஃபைலைக் கொஞ்சம் தூக்கிவிடு’, ‘மேலே ஒரு வார்த்தை சொல்லிவை’ என்று அது பல விதமாக எழுதப்பட்டாலும் கேட்பது ஒன்றுதான். வரிசையில் நிற்கும் ஒரு மனு முன்னால் வர வேண்டும். அதற்கு மரியாதையாக ‘முடியாது’ என்று பதில் எழுதுவது அரசு அலுவலக எழுத்து வேலைகளிலேயே கடினமான ஒன்று. குறிப்பாணைக்கும் செயல்முறை ஆணைக்கும் படிவம் உண்டு, இதற்கு மட்டும் எந்தக் கையேட்டிலும் படிவம் கிடையாது.

தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி அதிகம் எழும் இடங்களில் ஒன்று சமூகப் பாதுகாப்புத் திட்டப் பிரிவு. முதியோர் உதவித்தொகை, ஆதரவற்ற விதவை உதவித்தொகை, மாற்றுத்திறனாளிகளுக்கான உதவித்தொகை போன்றவை இந்தப் பிரிவின் வழியாகத்தான் போகின்றன. இதற்கென்றே தனி வட்டாட்சியர் ஒருவர் இருப்பார். முதியோர் உதவித்தொகை 1962இலும் ஆதரவற்ற விதவை உதவித்தொகை 1975இலும் தொடங்கப்பட்டவை. மாதம் 1,000 ரூபாயாக இருந்த தொகை 2023இல் 1,200 ஆனது. வெளியிலிருந்து பார்ப்பவருக்குச் சின்னத் தொகை. கணவனை இழந்து அப்பா வீட்டுக்குத் திரும்பிய ஒரு பெண்ணுக்கோ அது யார் கையையும் எதிர்பார்க்காமல் மாதாமாதம் தன் பெயருக்கே வரும் ஒரே பணம். இப்படிப்பட்ட மனுவுக்குச் சிபாரிசு கேட்டு எழுதுகிறவரைப் பேராசைக்காரர் என்று சொல்லிவிட முடியாது. மறுப்பது கடினமாக இருப்பதும் அதனால்தான்.

மனு போகும் வழி இது. மனுதாரர் இ-சேவை மையத்தில் ஆவணங்களைக் கொடுத்துப் பதிவு செய்கிறார். ஒரு ஒப்புகைச் சீட்டும் மனு எண்ணும் கிடைக்கின்றன. மனு கிராம நிர்வாக அலுவலரிடம் போகிறது. அவர் நேரில் விசாரித்து, மனுதாரர் அங்கேதான் குடியிருக்கிறாரா, வேறு வருமானமோ சொத்தோ உண்டா, மறுமணம் செய்திருக்கிறாரா என்று பார்த்து அறிக்கை தருகிறார். வருவாய் ஆய்வாளர் அதைச் சரிபார்த்துப் பரிந்துரைக்கிறார். பிறகு அலுவலகப் பிரிவில் ஆவணங்கள் ஒப்பிடப்பட்டு, வட்டாட்சியரின் முடிவுக்கு வைக்கப்படுகின்றன. ஏற்பதும் தள்ளுபடி செய்வதும் வட்டாட்சியர் கையெழுத்தில்தான் நடக்கின்றன.

இந்த வழியில் பிரிவு எழுத்தருக்கு முடிவெடுக்கும் அதிகாரம் எதுவும் இல்லை. ஆனாலும் ‘என் கையில் ஒன்றும் இல்லை’ என்று அவர் சொன்னால் அதில் பாதிதான் உண்மை. எதை இன்று ஒப்பிடுவது, எதை நாளைக்குத் தள்ளுவது என்ற சின்ன அதிகாரம் அவரிடம் இருக்கிறது. மேசையில் அடியில் கிடக்கும் கட்டை மேலே எடுத்துவைப்பவரும் அவர்தான். இணையவழி மனுவிலும் திரையில் வரிசையாக நிற்கும் பத்து மனுக்களில் எதை முதலில் திறப்பது என்பதை அவர் விரல்தான் தீர்மானிக்கிறது. கிராம நிர்வாக அலுவலருக்கு அவர் போடும் ஒரு போன்கூட ‘ஆபீஸில் கேட்கிறார்கள்’ என்ற பாரத்தோடுதான் போய்ச் சேரும். உறவினர்களுக்கு இது தெரியும், அதனால்தான் வட்டாட்சியரை விட்டுவிட்டு எழுத்தரைத் தேடி வருகிறார்கள். அவர்கள் தட்டுவது சரியான கதவைத்தான் என்பதை ஒப்புக்கொண்டால்தான் மறுப்பு நேர்மையாக இருக்கும்.

மறுப்பதற்கு முதல் காரணம் வரிசைதான். திட்டத்துக்கு நிதி ஒதுக்கீடு ஒரு அளவுக்கு உட்பட்டது. தகுதி உண்டு என்று முடிவான பிறகும், ஏற்கெனவே தொகை பெறும் ஒருவர் இறந்தோ தகுதியிழந்தோ இடம் காலியாகும்வரை காத்திருக்க வேண்டிய நிலை பல நேரங்களில் வருகிறது. ஒரு மனு மேலே வந்தால் இன்னொன்று கீழே போகும். அந்த இன்னொன்றும் அதே மாதிரி ஒரு பெண்ணுடைய மனுவாகத்தான் இருக்கும், அவருக்கு அலுவலகத்தில் சொந்தக்காரர் இல்லை என்பது மட்டுமே வித்தியாசம்.

இரண்டாவது காரணம் நடத்தை விதிகள். மாநில ஊழியர்களுக்கு 1973ஆம் ஆண்டின் தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள் உண்டு. மத்திய அரசு ஊழியர்களுக்கான 1964ஆம் ஆண்டு விதிகளின் 4ஆம் விதி, தனக்கோ தன் குடும்பத்தாருக்கோ அக்கறை உள்ள விஷயத்தை ஊழியர் கையாளக் கூடாது, மேலதிகாரியிடம் ஒப்படைக்க வேண்டும் என்று வெளிப்படையாகவே சொல்கிறது. இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. அந்த விதிகளில் ‘குடும்பம்’ என்றால் கணவன் மனைவி, பிள்ளைகள், முழுக்கத் தன்னை நம்பி வாழும் மற்ற உறவினர்கள் ஆகியோர்தான். தனியாகக் குடியிருக்கும் தாய்மாமன் அதில் வர மாட்டார், அவர் மகளும் வர மாட்டார். ஆகவே விதியை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டால் மாமன் மகளின் மனுவைப் பார்க்கத் தடை இல்லை என்று வாதாட இடம் இருக்கிறது. ஆனால் அந்த மனு ஏற்கப்பட்டதும் ஊரில் பேசப்போவது ‘மருமகன் முடித்துக் கொடுத்தான்’ என்பதைத்தான். அந்தப் பேச்சு உண்மையாகவே தகுதியுள்ள பெண்ணின் உதவித்தொகையையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கும். புகார் மனு ஒன்று வந்தால் மறுவிசாரணை வரும், ஒன்றும் தவறு இல்லை என்று தெரியும்வரை அவள்தான் அலைய வேண்டியிருக்கும்.

மூன்றாவது, ஊழல் தடுப்புச் சட்டம். 1988ஆம் ஆண்டின் இந்தச் சட்டம் 2018இல் திருத்தப்பட்டபோது 7ஆம் பிரிவில் ஒரு உதாரணம் சேர்க்கப்பட்டது. வழக்கமான ரேஷன் கார்டு மனுவைச் சரியான நேரத்தில் முடித்துத் தருவதற்கு ஒரு ஊழியர் 5,000 ரூபாய் கேட்டால் அவர் குற்றவாளி என்கிறது அது. செய்யும் வேலை நியாயமானதாகவே இருந்தாலும், அதற்காக ஆதாயம் கேட்பதே குற்றம் என்பதை விளக்க வந்த உதாரணம் இது. சொந்தக்காரர் பணம் கொடுப்பதில்லைதான். ஆனால் கடிதத்தில் ‘உனக்கு என்ன வேணும்னாலும் செய்யறேன்’ என்று ஒரு வரி இருந்து, அதற்கு மறுப்பு எழுத்தில் இல்லாமல் போனால், பின்னால் அந்த வரி எப்படி வேண்டுமானாலும் வாசிக்கப்படும்.

மறுப்பை வாயால் சொல்லாமல் எழுத்தில் தர வேண்டியதற்கு இன்னொரு காரணம் பேச்சுத் தமிழில் இருக்கிறது. ‘பார்க்கிறேன்’, ‘பார்க்கலாம்’, ‘முயற்சி பண்றேன்’ ஆகிய மூன்றும் சொல்பவருக்கு மறுப்பு, கேட்பவருக்குச் சம்மதம். முகத்துக்கு நேரே மறுக்கக் கூச்சப்பட்டு ‘பார்க்கிறேன் மாமா’ என்று சொன்ன எழுத்தர், மாமாவைப் பொறுத்தவரை வாக்குக் கொடுத்துவிட்டார். அதன்பிறகு மாமா சும்மா இருந்துவிடுவார். போக வேண்டிய இடத்துக்குப் போக மாட்டார், திருத்த வேண்டிய ஆவணத்தைத் திருத்த மாட்டார், மருமகன் பார்த்துக்கொள்வான் என்று காத்திருப்பார். ஆறு மாதம் கழித்து மனு தள்ளுபடியானால் பழி மருமகன் மேல் விழும். அதில் நியாயமும் இருக்கும், ஏனென்றால் அந்த ஆறு மாதத்தை வீணாக்கியது அவருடைய ‘பார்க்கிறேன்’தான்.

இனி ஒரு கற்பனைச் சூழலை எடுத்துக்கொள்ளலாம். திருநெல்வேலிப் பக்கத்து வட்டம் ஒன்றில் சமூகப் பாதுகாப்புத் திட்டப் பிரிவில் இளநிலை உதவியாளராக இருக்கிறார் ஒருவர். அவருடைய தாய்மாமனின் மூத்த மகளுக்கு வயது 38, இரண்டு பிள்ளைகள். கணவர் இறந்த பிறகு மாமியார் ஊரிலிருந்து அப்பா வீட்டுக்கே வந்துவிட்டார். விதவை உதவித்தொகைக்கு மனு கொடுத்து மூன்று மாதமாகியும் ஒன்றும் தெரியவில்லை. மாமா ஒரு தாளில் எழுதி, ஊருக்கு வந்திருந்த அக்காவின் கையில் கொடுத்தனுப்புகிறார். காது குத்துக்கு மடியில் உட்காரவைத்தவர், படிப்புக்குப் பணம் கட்டியவர் என்று தாய்மாமனுக்கு இருக்கும் உரிமை எல்லாம் அந்தத் தாளில் எழுதாமலேயே இருக்கும். அதற்கு மருமகன் எழுதக்கூடிய பதில் இப்படி அமையலாம்:

“அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். அம்மாவிடம் கொடுத்தனுப்பிய கடிதம் கிடைத்தது. அத்தைக்கு முழங்கால் வலி தேவலையா? மதினியும் பிள்ளைகளும் நல்லா இருக்கிறார்கள்தானே?

மதினியின் மனுவை என்னால் முன்னால் எடுத்துவைக்க முடியாது மாமா. சொந்தக்காரர் மனுவை நான் பார்ப்பதே சரியில்லை. உங்கள் கடிதத்தைப் பார்த்துத்தான் அந்த மனு என் சீட்டில் இருப்பதே தெரிந்தது. அன்றைக்கே தாசில்தாரிடம் எழுதிக் கொடுத்து, வேறு சீட்டுக்கு மாற்றச் சொல்லிவிட்டேன், மாற்றிவிட்டார்கள். இதனால் நாலைந்து நாள் கூடுதலாக ஆகலாம். அந்தத் தாமதம் என்னால் ஆனது, வருத்தமாகத்தான் இருக்கிறது.

வி.ஏ.ஓ.விடமும் ஆர்.ஐ.யிடமும் ஒரு வார்த்தை சொல்லச் சொன்னீர்கள். அதையும் செய்ய மாட்டேன். நான் சாதாரணமாகச் சொன்னாலும் ஆபீஸிலிருந்து வந்த உத்தரவு மாதிரிதான் அவர்களுக்குக் கேட்கும். மதினிக்கு முன்னால் எழுதிப் போட்டுக் காத்திருப்பவர்கள் இந்த வட்டத்தில் இருக்கிறார்கள். அவர்களும் மதினி மாதிரிதான்.

நீங்கள் செய்யக்கூடியதை எழுதுகிறேன். இ-சேவை மையத்தில் கொடுத்த ஒப்புகைச் சீட்டு வீட்டில் இருக்கும். அதிலுள்ள எண்ணைச் சொன்னால் மனு எங்கே நிற்கிறது என்று அங்கேயே பார்த்துச் சொல்வார்கள். வி.ஏ.ஓ. விசாரணையில் நிற்கிறது என்றால், மதினியே சீட்டை எடுத்துக்கொண்டு போய் என்ன குறை என்று கேட்கட்டும். கேட்க மதினிக்கு உரிமை உண்டு. என் பெயரைச் சொல்ல வேண்டாம்.

ஒன்றை மட்டும் வீட்டிலேயே பாருங்கள். மதினியின் ஆதாரும் ரேஷன் கார்டும் இன்னும் மாமியார் ஊர் முகவரியில்தானே இருக்கின்றன? மனுவில் உங்கள் ஊர் முகவரியைக் கொடுத்திருந்தால், விசாரணைக்கு வருகிறவர் மதினி அங்கே குடியிருப்பதாக எதை வைத்து எழுதுவார்? கவுன்டருக்கு யார் வந்து கேட்டாலும் நாங்கள் முதலில் பார்க்கச் சொல்வது இதைத்தான்.

ரொம்ப நாள் பதிலே வராவிட்டால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனு நாளில் எழுதிக் கொடுக்கலாம். 1100க்குப் போன் செய்தும் சொல்லலாம். தள்ளுபடி என்று வந்தால் என்ன காரணம் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு ஆர்.டி.ஓ.விடம் மேல்முறையீடு செய்யலாம். அந்த மனுக்களை எழுத மதினிக்குத் துணை வேண்டுமென்றால் படித்த பிள்ளை யாரையாவது வைத்துக்கொள்ளுங்கள். நான் எழுதித் தருவது நன்றாக இருக்காது.

பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவுக்கு இந்த மாதம் நெருக்கடி என்று எழுதியிருந்தீர்கள். அதற்கு என்னிடம் யோசிக்கவே வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், பேசிக்கொள்வோம்.

என் மேல் மனத்தாங்கல் வேண்டாம் மாமா.

உங்கள் மருமகன்.”

இந்தக் கடிதத்தில் மறுப்பு இரண்டாவது பத்தியின் முதல் வரியிலேயே வந்துவிடுகிறது. அதற்கு முன்னால் நலம் விசாரிப்பு மட்டும்தான் இருக்கிறது. பொதுவாக இப்படிப்பட்ட கடிதங்கள் முக்கால் பக்கம் சுற்றிவிட்டுக் கடைசியில் மறுப்பைச் சொல்லும். வாசிக்கிறவர் நடுவிலேயே ‘சரி, செய்வான் போலிருக்கிறது’ என்று முடிவுகட்டியிருப்பார். மரியாதை என்பது மறுப்பைத் தள்ளிப்போடுவதில் இல்லை. ‘முடியாது மாமா’ என்று ‘மாமா’வைச் சேர்த்துச் சொல்வதிலும், அத்தையின் முழங்காலைக் கேட்பதிலும், ‘என் மேல் மனத்தாங்கல்’ வரும் என்று தெரிந்தே எழுதுவதிலும் அது இருக்கிறது. ‘தற்சமயம்’, ‘இப்போதைக்கு’ போன்ற சொற்கள் மறுப்பு வரியில் இல்லாததும் கவனிக்கத்தக்கது. ‘இப்போதைக்கு முடியாது’ என்று எழுதினால் அடுத்த மாதம் இன்னொரு கடிதம் வரும்.

காரணத்தை மேலதிகாரியின் மேல் போடாததும் இதன் நேர்மை. ‘தாசில்தார் கெடுபிடி பண்ணுகிறார்’, ‘இப்போ எல்லாம் ஆன்லைன், எங்கள் கையில் இல்லை’ என்று எழுதுவது சுலபம். உறவும் கெடாது. ஆனால் அதற்கு அர்த்தம், தாசில்தார் மாறினால் செய்துகொடுப்பேன் என்பது. தாசில்தார் மாறிக்கொண்டேதான் இருப்பார். ஆன்லைன் என்ற சாக்கோ முன்பே பார்த்ததுபோலப் பாதி உண்மைதான். கடிதம் ‘செய்ய மாட்டேன்’ என்ற சொல்லை ஓரிடத்தில் துணிந்து பயன்படுத்துகிறது, வி.ஏ.ஓ.வுக்குப் போன் போடுவது அவரால் முடிந்த காரியம் என்பதால் அங்கே ‘முடியாது’ என்பது பொய்யாகியிருக்கும்.

கடிதத்தின் கனமான பகுதி முகவரி பற்றிய பத்தி. இங்கேதான் எழுத்தருக்குச் சறுக்கல் நேரும். கோப்பைத் திறந்து பார்த்து, ‘உங்கள் வி.ஏ.ஓ. குடியிருப்பு உறுதியாகவில்லை என்று எழுதியிருக்கிறார்’ என்று மாமாவுக்குச் சொன்னால், அது மற்ற மனுதாரருக்குக் கிடைக்காத செய்தி. முடிவாகாத கோப்பில் ஒரு அலுவலர் எழுதியதை வெளியே சொல்வதால் அந்த அலுவலருக்கும் மனுதாரருக்கும் வீண் பகை வரும். கடிதம் அப்படிச் செய்யவில்லை. மதினி மாமியார் வீட்டிலிருந்து வந்துவிட்டார் என்பதும், கார்டு மாற்றவில்லை என்பதும் மருமகனுக்குக் குடும்பத்தின் வழியாகத் தெரிந்தவை. இப்படி முகவரி மாறிக் கிடந்தால் விசாரணை நின்றுபோகும் என்பது பிரிவில் இருக்கும் எவருக்கும் தெரிந்த பொது அறிவு. இரண்டையும் சேர்த்துச் சொல்கிறார், கோப்பில் என்ன இருக்கிறது என்று சொல்லவில்லை. கவுன்டரில் முன்பின் தெரியாத ஒருவர் வந்து கேட்டாலும் இதைச் சொல்வேனா என்பதுதான் உரைகல். சொல்வேன் என்றால் உறவினருக்கும் சொல்லலாம். தயங்கினால் சொல்லக் கூடாது.

முகவரிச் சிக்கல் கற்பனையும் அல்ல. கணவன் இறந்த பிறகு ஊர் மாறும் பெண்களுக்கு ஆவணங்கள் பழைய ஊரிலேயே தங்கிவிடுகின்றன. ரேஷன் கார்டில் மாமியார் குடும்பத்தலைவி, மருமகள் உறுப்பினர். அங்கிருந்து பெயரை நீக்கிப் புது ஊரில் சேர்ப்பதற்கு மாமியார் வீட்டின் ஒத்துழைப்பு தேவைப்படும், உறவு கசந்திருந்தால் அதுவே மாதக்கணக்கில் இழுக்கும். இதோடு சேர்ந்து வருவது பெயர்க் குழப்பம். இறப்புச் சான்றிதழில் கணவர் பெயர் முன்னெழுத்தோடு இருக்கும், ஆதாரில் முன்னெழுத்து இல்லாமல் இருக்கும், இருவரும் ஒருவர்தானா என்ற கேள்வி எழும். இன்னொன்று, ஆதரவற்ற விதவைச் சான்றிதழை இந்த உதவித்தொகையோடு போட்டுக் குழப்பிக்கொள்வது. அந்தச் சான்றிதழ் கோட்டாட்சியர் அலுவலகத்தில் தரப்படுவது, வேலைவாய்ப்பில் முன்னுரிமை பெறப் பெரும்பாலும் பயன்படுவது. அது கையில் இருந்தாலும் உதவித்தொகை மனு தனியாகத்தான் விசாரிக்கப்படும். சிபாரிசு தேடி அலையும் பல மனுக்கள் உண்மையில் இப்படி ஏதாவது ஒரு தாளில்தான் நின்றுகொண்டிருக்கின்றன. ஃபைலை யார் தூக்கிவிட்டாலும் அந்தத் தாள் திருந்தாத வரை அது திரும்ப அங்கேயே வந்து விழும்.

கடிதம் சொல்லாமல் விட்ட ஒரு வழி தகவல் அறியும் உரிமைச் சட்டம். 2005ஆம் ஆண்டின் இந்தச் சட்டத்தின்படி 10 ரூபாய் கட்டணத்தோடு மனு கொடுத்தால் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும்; வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவருக்குக் கட்டணம் இல்லை. ‘ஏன் இன்னும் தரவில்லை’ என்று கேட்டால் மழுப்பலான பதில்தான் வரும். ‘இந்த எண்ணுள்ள மனு எந்தத் தேதியில் யாரிடம் போனது, இன்று யாரிடம் இருக்கிறது, அதன்மேல் எழுதப்பட்ட அறிக்கைகளின் நகல் வேண்டும்’ என்று கேட்டால் கோப்பின் நடமாட்டம் வெளியே வந்துவிடும். மருமகன் இதை எழுதாததற்கும் காரணம் உண்டு. தன் அலுவலகத்தின்மேல் தகவல் மனு போடச் சொல்லி உறவினருக்கு யோசனை சொன்னார் என்று நாளைக்குப் பேச்சு வரலாம். சட்டப்படி அதில் தவறில்லை. எழுதினால் நல்லது, எழுதாவிட்டால் குறையில்லை.

உறவினருக்கு எழுதும் கடிதத்தைவிட முக்கியமான இன்னொரு தாள் உண்டு. அது வட்டாட்சியருக்கு எழுதும் நாலு வரிக் குறிப்பு. ‘மேற்படி எண்ணுள்ள மனுவின் மனுதாரர் எனக்குத் தாய்மாமன் மகள் முறை. ஆகவே இம்மனுவின் மீதான பணியை வேறு பிரிவு எழுத்தருக்கு மாற்றி வழங்குமாறு பணிந்து கேட்டுக்கொள்கிறேன்’ என்பதற்கு மேல் அதில் ஒன்றும் தேவையில்லை. மனுதாரரின் கஷ்டத்தை அதில் எழுதிவிட்டால் மாற்றல் குறிப்பே சிபாரிசுக் கடிதம் ஆகிவிடும். சென்னை மாகாண காலத்திலிருந்து வரும் அலுவலக முறையில் ஒவ்வொரு எழுத்தருக்கும் தன் பதிவேடு என்று ஒன்று உண்டு. எந்தத் தாள் எப்போது தன்னிடம் வந்தது, என்ன நடவடிக்கை, எப்போது யாரிடம் போனது என்று அதில் காட்ட வேண்டும். சீட்டு மாறிய தேதி பதிவில் ஏறிவிட்டால், பின்னால் யார் கேட்டாலும் எழுத்தர் அந்தப் பக்கத்தைத் திருப்பிக் காட்டலாம்.

இந்தக் குறிப்பை எழுதாமல் ‘நானே நேர்மையாகப் பார்த்துவிட்டுப் போகிறேன்’ என்று வைத்துக்கொள்பவர்களும் உண்டு. அவர்களிடம் எதிர்த்திசையில் ஒரு தவறு நடக்கும். சொந்தக்காரிக்குச் சலுகை காட்டினேன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்ற பயத்தில், மற்றவரிடம் கேட்காத தாளை எல்லாம் அவளிடம் கேட்பார்கள், கோப்பைத் தொடவே தயங்கிக் கடைசிக்குத் தள்ளுவார்கள். அதுவும் வரிசையைக் கலைப்பதுதான். பாதிக்கப்படுவது மட்டும் அந்தப் பெண். கோப்பை வேறு கைக்கு மாற்றுவதன் பாதி நோக்கம் மற்றவர்களைக் காப்பது, மறுபாதி இந்தச் சொந்தக்காரியைக் காப்பது.

பிறகு வருவது ஞாயிற்றுக்கிழமை. கடிதத்தில் சொன்னபடி மருமகன் போக வேண்டும், பள்ளிக்கூடச் செலவுக்கு முடிந்ததைக் கொடுக்கவும் வேண்டும். தன் சம்பளத்திலிருந்து கொடுப்பதைத் தடுக்க எந்த விதியும் இல்லை. மாமா முதல் பத்து நிமிஷம் முகம் கொடுத்துப் பேச மாட்டார். ‘நீ பெரிய ஆபீஸர் ஆயிட்ட’ என்று ஒரு குத்தல் வரும். அங்கே மனுவைப் பற்றி மறுபடி பேச்சு எடுத்தால் கடிதத்தில் உள்ளதையே திருப்பிச் சொல்வது நல்லது. வாய்ப்பேச்சில் ‘சரி, கேட்டுப் பார்க்கிறேன்’ என்று ஒரு சொல் நழுவினால் இரண்டு பக்கக் கடிதமும் வீண்.

மதினி கார்டை மாற்றி, வி.ஏ.ஓ.வைப் பார்த்து, விசாரணை முடிந்து உதவித்தொகை ஆணையும் வந்துவிட்டது என்று வைத்துக்கொண்டால், இன்னொரு சின்னச் சங்கடம் மிச்சமிருக்கும். மாமா ஒரு கிலோ அல்வாவோடு தாலுகா ஆபீஸ் வாசலில் வந்து நிற்பார். மருமகன் எதுவும் செய்யவில்லை என்று அவரே முன்பு கோபித்தவர், ஆனாலும் ‘நீ இல்லாமலா நடந்திருக்கும்’ என்றுதான் சொல்வார். அதை மறுத்து விளக்குவது வீண்வேலை. அல்வாவை அலுவலகத்துக்குள் வாங்கிக்கொண்டால், பக்கத்து சீட்டில் அந்தக் கோப்பை முடித்தவருக்கும் அதில் ஒரு பங்கு போகும், பார்க்கிறவர்களுக்குப் புரிவது வேறாக இருக்கும். மாமாவை எதிர்க் கடைக்குக் கூட்டிப்போய்க் காபி வாங்கிக் கொடுத்துவிட்டு, அல்வாவை வீட்டுக்கே கொண்டுபோய் அம்மாவிடம் கொடுக்கச் சொல்லி பஸ் ஏற்றிவிடுவது எழுத்தர்கள் அறிந்த வழி.